கம்பத்து ஆட்டத்துக்கு நடுவில் ஆம்ப்ளிபயர் ப்ரொட்டெக்ஷனுக்குப் போகிறது: ஷார்ட்டா, ஓம்ஸ் குறைவா, சூடா?

தறிச்சத்தம் (நம்பியூர் பக்கம்)

வணக்கமுங்க. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டி, கம்பம் நட்டாச்சு. பொங்கல் வரைக்கும் தினமும் ராத்திரி கம்பத்தைச் சுற்றி ஆட்டம் இருக்கும். மைக் செட் நம்முடையது. இரண்டு சேனல் பவர் ஆம்ப்ளிபயர். பின்பக்கம் 8 ஓம்ஸுக்கு 400 வாட்ஸ், 4 ஓம்ஸுக்கு 600 வாட்ஸ், அதற்குக் கீழே போகக்கூடாது என்று போட்டிருக்கிறது. பாக்ஸ் எல்லாம் 15 இன்ச், 8 ஓம்ஸ்.

கம்பத்துப் பக்கம் கூட்டம் அதிகம் என்பதால் இடது சேனலில் மூன்று பாக்ஸ், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒயர் இழுத்து. வலது சேனலில் இரண்டு பாக்ஸ், அது அன்னதானப் பந்தலுக்கு 40 மீட்டர் ஒயரில் போகிறது. வேப்பமரத்தில் கட்டி, தகரக் கொட்டகை மேலே இழுத்துவிட்டிருக்கிறோம்.

பிரச்சினை இதுதான். ஆட்டம் ஆரம்பித்து அரை மணி நேரம் நன்றாகப் பாடும். அப்புறம் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் நின்றுவிடும். சில சமயம் பத்து நிமிஷம் கழித்துத்தான் வரும். சில சமயம் டக்கென்று நின்று, நான் கிட்டே போவதற்குள் வந்துவிடும். ஆடுகிற பசங்க கம்பத்தடியில் கையைத் தூக்கியபடி நின்று என்னைப் பார்க்கிறார்கள். ஆம்ப்ளிபயர் போய்விட்டதா, இல்லை ஒயரிலா? பொங்கலுக்குள் சரி பண்ணியாக வேண்டும்.

வால்யூம் முழுசு (ஈரோடு)

ப்ரொட்டெக்ஷன் ரிலே வீக் ஆகியிருக்கும் பாஸ். எனக்கும் இப்படித்தான் வந்தது. உள்ளே ரிலேயின் இரண்டு காலையும் ஒரு ஒயர் வைத்து நேராகச் சேர்த்து ஈயம் வைத்துவிடுங்கள். அப்புறம் கட்டே ஆகாது. பண்டிகை முடிந்த பிறகு நிதானமாக வேறு ரிலே மாற்றிக்கொள்ளலாம்.

ஈயப்பற்று (கோவை)

தம்பி, தயவுசெய்து ரிலேயைத் தொட வேண்டாம். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால் சப்ளையின் டிசி வோல்ட் அப்படியே பாக்ஸுக்குப் போகும். உங்கள் ஆம்ப்ளிபயர் சைஸுக்கு அது 70 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதில் பாதியே போனாலும் காயில் கருகும், கோன் வெளியே வந்து நிற்கும், சில நேரம் புகையும். அந்த நேரத்தில் பாக்ஸைக் காப்பாற்றத்தான் ரிலே இருக்கிறது. கோயிலில், கூட்டத்துக்கு நடுவில், அதை எடுத்துவிட்டு ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

நம்பியூர்க்காரரே, நீங்கள் எழுதியதில் இரண்டு விதமான கட் இருக்கிறது. எனக்கு அது இரண்டு தனி நோயாகப் படுகிறது. அரை மணி நேரம் ஓடி, பத்து நிமிஷம் ஆறிய பிறகு வருவது சூடு. டக்கென்று நின்று சில நொடியில் வருவது ஒயரில் ஷார்ட். இரண்டுக்கும் ஒரே சிவப்பு விளக்கு எரிவதால்தான் குழப்பம். இனி கட் ஆகும்போது மூன்று விஷயம் பாருங்கள். பின்பக்கம் கை வைத்தால் காற்று சுடுகிறதா? எவ்வளவு நேரத்தில் திரும்ப வருகிறது? அந்த நொடியில் காற்றடித்ததா, யாராவது ஒயரைத் தாண்டினார்களா?

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் ஆம்ப்ளிபயரிலிருந்து கழற்றிவிட்டு, வெறுமனே ஆன் பண்ணுங்கள். முதல் சில நொடி சிவப்பு எரிந்து அணைவது வழக்கம்தான். அணைந்துவிட்டால் ஆம்ப்ளிபயர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியே.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. வீட்டு ஆம்ப்ளிபயர். ஆன் பண்ணினால் சிவப்பு, அப்படியே நிற்கிறது. ரிலே டக் சத்தமே வரவில்லை. ஸ்பீக்கரை எல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டேன், அப்பவும் சிவப்பு. நானும் ஒயரைத்தான் மாற்ற வேண்டுமா?

ஈயப்பற்று (கோவை)

உங்களுடையது இதே பிரச்சினை இல்லை கண்ணு. ஒன்றும் மாட்டாமலே சிவப்பு நிற்கிறது என்றால் கோளாறு உள்ளே. பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கும். திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, 100 வாட்ஸ் குண்டு பல்பு சீரியலில் போட்டு ஆன் பண்ணச் சொல்லுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட் உறுதி, அதற்கு மேல் எதுவும் வேகாமல் பல்பே தாங்கிக்கொள்ளும்.

கூம்புக்குழாய் (தாராபுரம்)

ஏனுங்க, அஞ்சு பாக்ஸுக்கே இந்தப் பாடா? நாங்கள் ஒரே ஆம்ப்ளிபயரில் பன்னிரண்டு கூம்பு போட்டு ஊர் முழுக்க இழுத்திருக்கிறோம். ஒரு நாளும் நின்றதில்லை. ஒயர் எவ்வளவு தூரம் போனாலும் கவலையில்லை.

ராகமாலிகா (பெருந்துறை)

அண்ணா, உங்களுடையது 100 வோல்ட் லைன். ஒவ்வொரு கூம்பிலும் டிரான்ஸ்பார்மர் இருக்கும். அங்கே ஓம்ஸ் கணக்கு பார்க்கத் தேவையில்லை, கூம்புகளின் வாட்ஸைக் கூட்டி ஆம்ப்ளிபயரின் வாட்ஸுக்குள் இருந்தால் போதும். இவருடைய பாக்ஸில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. பாக்ஸ் கூடக் கூட ஓம்ஸ் இறங்கும்.

மூன்று 8 ஓம்ஸ் பேரலலில் வந்தால் 2.7 ஓம்ஸ்தான். 4-க்குக் கீழே போகக்கூடாது என்று அவர் எழுதியதிலேயே பதில் இருக்கிறது.

தறிச்சத்தம் (நம்பியூர் பக்கம்)

ஒயரை எல்லாம் கழற்றி ஆன் பண்ணினேன். சிவப்பு எரிந்து, டக் என்று சத்தம் கேட்டு, அணைந்துவிட்டது. கால் மணி நேரம் வைத்தும் ஒன்றும் ஆகவில்லை. அப்ப ஆம்ப்ளிபயர் தப்பித்தது. ரிலேயைத் தொடவில்லை.

நேற்று ராத்திரி கவனித்ததில், காற்றடிக்கும்போது டக்கென்று நின்றது. மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கே வைத்துப் பார்க்க வேண்டும்?

ஈயப்பற்று (கோவை)

நல்லது. ஆம்ப்ளிபயரை ஆப் பண்ணி, ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்பீக்கர் ஒயர் ஆம்ப்ளிபயரில் மாட்டியிருக்கக் கூடாது. மீட்டரை 200 ஓம்ஸில் வைத்து, முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் கணக்கு, எல்லா அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். அப்புறம் இடது, வலது ஒயர் முனைகளில் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். மிச்ச ஒயர் சுருள் ஏதாவது இருந்தால், ஒரு கடைசியில் இரண்டையும் முறுக்கி, மறு கடைசியில் அளந்து, நீளத்தையும் சொல்லுங்கள். எதற்கென்று அப்புறம் சொல்கிறேன்.

தறிச்சத்தம் (நம்பியூர் பக்கம்)

மீட்டர் முனை இரண்டும் தொட்டால் 0.3.
இடது 2.5.
வலது 4.3.
மிச்ச ஒயர் 25 மீட்டர், முறுக்கி அளந்தால் 0.9.

வலதை அளக்கும்போது பையனை விட்டு ஒயரை ஆட்டச் சொன்னேன். மரத்துப் பக்கம் ஆட்டினால் ஒன்றும் இல்லை. தகரக் கொட்டகைப் பக்கம் ஆட்டினால் மீட்டர் 1.0-க்கு இறங்கி ஏறுகிறது.

வால்யூம் முழுசு (ஈரோடு)

இடதில் மூன்று பாக்ஸ், 2.5 காட்டினால் ஒரு பாக்ஸ் 8 ஓம்ஸ் கூட வராது. 8 ஓம்ஸ் என்று சொல்லி 6 ஓம்ஸ் டிரைவரைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் கட் ஆகிறது. பாக்ஸ் விற்றவரிடம் கேளுங்கள்.

ஈயப்பற்று (கோவை)

இல்லை தம்பி, அது சரியான பாக்ஸ்தான். மீட்டர் காட்டுவது காயிலின் டிசி ஓம்ஸ். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் மீட்டரில் ஐந்தரையிலிருந்து ஆறரை வரைக்கும்தான் காட்டும். பாட்டு ஓடும்போதுதான் 8 என்ற கணக்கு. மீட்டர் நேராக 8 காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்து நல்ல ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

இடது பக்கத்தைப் பாருங்கள். 2.5-ல் மீட்டர் ஒயர் 0.3 போனால் 2.2. இழுத்த ஒயருக்குக் கொஞ்சம் போனால் மிச்சம் 2 ஓம்ஸ். மூன்று 6 ஓம்ஸ் காயில் பேரலலில் சரியாக 2. ஆக அங்கே ஷார்ட் இல்லை, ஆனால் சுமை அதிகம்.

வலது பக்கம்: 4.3-ல் 0.3 போனால் 4. இரண்டு பாக்ஸுக்கு 3 போக, 40 மீட்டர் ஒயருக்கு 1 ஓம்ஸ். மிச்சச் சுருளின் கணக்கோடு இது ஒத்துப்போகிறதா பாருங்கள். 0.9-ல் 0.3 போனால் 0.6, 25 மீட்டருக்கு. மீட்டருக்கு 0.024. 40 மீட்டருக்கு 0.96. ஒத்துப்போகிறது. அப்ப உங்கள் ஒயர் ஒன்றரை ஸ்கொயர் நல்ல செம்பு.

இப்ப சுவாரசியமான இடம். ஆட்டும்போது 1.0 காட்டியது. 0.3 போனால் 0.7. ஷார்ட் ஆன இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாக்ஸ் மீட்டருக்குத் தெரியாது, அந்த இடம் வரைக்கும் உள்ள ஒயர் மட்டும்தான் தெரியும். 0.7-ஐ 0.024-ஆல் வகுத்தால் 29 மீட்டர். ஆம்ப்ளிபயரிலிருந்து 29 மீட்டர் அளந்து, அங்கிருந்து ஆம்ப்ளிபயர் பக்கமாகத் திரும்பி வந்தபடியே ஒயரைத் தடவிப் பாருங்கள். ஏனென்றால் ஷார்ட் ஆகும் இடத்தில் துரு, அழுக்கு என்று கொஞ்சம் ஓம்ஸ் கூடியிருக்கும், அதனால் கணக்கு தூரத்தைக் கூட்டித்தான் காட்டும். கோளாறு பெரும்பாலும் முன்னாடிதான் இருக்கும், தாண்டி இருக்க வாய்ப்பு குறைவு. சாதாரண மீட்டரில் மூன்று நான்கு மீட்டர் முன்பின் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

தறிச்சத்தம் (நம்பியூர் பக்கம்)

கிடைத்துவிட்டது அண்ணா! 26 மீட்டரில், கொட்டகைத் தகரம் மடிந்த விளிம்பில். ஆனால் ஒன்று புரியவில்லை. இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று தொடவே இல்லை. தகரம் இரண்டின் தோலையும் பக்கத்துப் பக்கத்தில் கீறியிருக்கிறது, நடுவில் ஒரு விரல் இடைவெளி. செம்பு ஒரு கடுகு அளவுக்குத்தான் தெரிகிறது.

ஈயப்பற்று (கோவை)

தகரம்தான் பாலம். ஒரு கம்பி தகரத்தைத் தொட்டு, மறு கம்பியும் அதே தகரத்தைத் தொட்டால் அதுவே ஷார்ட். காற்றில் ஒயர் ஆடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் தொடுகிற அந்த நொடியில்தான் கட் ஆகியிருக்கிறது. பகலில் காற்றில்லாத நேரத்தில் அளந்தால் எல்லாம் சரியாகக் காட்டும். அதனால்தான் ஆட்டி அளக்க வேண்டும்.

கீறிய இடத்தில் இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றி அதே இடத்தில் விடாதீர்கள், வெயிலில் பசை இளகி நழுவிவிடும். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, இரண்டு கம்பியையும் தள்ளித்தள்ளி இணையுங்கள். ஒரு இணைப்பு இங்கே என்றால் மற்றது ஒரு சாண் தள்ளி. ஈயம் வைத்து ஒவ்வொன்றுக்கும் தனியாக ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினால், ஸ்லீவ் கிழிந்தாலும் இரண்டும் சந்திக்காது. கொட்டகை மேலே போகும் இடத்தில் ஒயரை ஒரு பிவிசி பைப்புக்குள் விடுங்கள்.

ராகமாலிகா (பெருந்துறை)

அதோடு ஆம்ப்ளிபயர் பின்பக்கத் திருகையும் பாருங்கள். எங்கள் கடைக்கு ஷார்ட் என்று வருகிற செட்டில் பாதி அங்கேதான் இருக்கும். ஒயர் தோலை ஒன்றரை இன்ச் உரித்து, இழைகளை முறுக்காமல் திருகில் சுற்றியிருப்பார்கள். ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்துத் திருகைத் தொட்டால் போதும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உரிக்க வேண்டாம், முறுக்கி, லக் அடித்து மாட்டுங்கள்.

தறிச்சத்தம் (நம்பியூர் பக்கம்)

ஒயரை அறுத்து இணைத்து, பைப்புக்குள் விட்டாச்சு. பின்பக்கம் லக்கும் அடித்தாச்சு. நேற்று ராத்திரி நல்ல காற்று, டக்கென்று நிற்கிற கட் ஒரு தடவை கூட வரவில்லை. ஆனால் முக்கால் மணி நேரத்தில் சூட்டுக் கட் வந்தது. பின்னாடி கை வைக்க முடியவில்லை.

ஆட்டத்துக்கு மூன்று பாக்ஸ் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அதைக் குறைக்காமல் வழி இருக்கிறதா?

வால்யூம் முழுசு (ஈரோடு)

இருக்கிறது. இரண்டு பாக்ஸை பேரலலில் வைத்து, மூன்றாவதை அதோடு சீரீஸில் போடுங்கள். 4 + 8 = 12 ஓம்ஸ். ஆம்ப்ளிபயர் சில்லென்று ஓடும்.

ஈயப்பற்று (கோவை)

சில்லென்று ஓடும் என்பது சரி. ஆனால் சீரீஸில் நிற்கிற பாக்ஸுக்கு மொத்த வாட்ஸில் மூன்றில் இரண்டு பங்கு போகும். மற்ற இரண்டுக்கும் ஆறில் ஒரு பங்குதான். ஒரு பாக்ஸ் அலறும், இரண்டு முனகும். மொத்த வாட்ஸும் குறைந்துவிடும். ஆட்டத்துக்கு ஆகாது.

சூடு எங்கிருந்து வருகிறது என்றால், உங்கள் ஆம்ப்ளிபயர் 4 ஓம்ஸில் 600 வாட்ஸ் கொடுக்கும்போது சுமார் 12 ஆம்ப்ஸ் தள்ளுகிறது. அதே வோல்ட்டில் 2.7 ஓம்ஸ் மாட்டினால் 18 ஆம்ப்ஸ் கேட்கும். அந்த அதிகப்படி கரண்ட் எல்லாம் உள்ளே டிரான்சிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும். பம்பை, தவில் அடி விடாமல் வருகிற பாட்டு என்றால் ஆற நேரமே இல்லை.

நல்ல வழி, மூன்றாவது பாக்ஸுக்குத் தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிபயர். இல்லையென்றால் இன்னொரு பாக்ஸ் வாங்கி நான்காக்கி, இரண்டிரண்டை சீரீஸில் போட்டு அந்த இரண்டு ஜோடியையும் பேரலலில் சேர்த்தால் மொத்தம் 8 ஓம்ஸ், நான்குக்கும் சமமாகப் போகும். ஒரே மாதிரி பாக்ஸாக இருக்க வேண்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஆம்ப்ளிபயர் பகலில் எங்கே இருக்கும்?

தறிச்சத்தம் (நம்பியூர் பக்கம்)

தறிக் குடோனில், பெட்டியோடு. பெட்டிக்குப் பின்கதவு உண்டு. பனி இறங்கும் என்று ராத்திரியும் பாதி சாத்தித்தான் வைப்போம்.

ராகமாலிகா (பெருந்துறை)

தறிக் குடோனா! அப்ப முதலில் பேன் வலையைக் கழற்றிப் பாருங்கள். பஞ்சு ஒட்டி மெத்தை மாதிரி இருக்கும். நான் ஒரு செட்டைத் திறந்தபோது ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவில் திரி திரியாகப் பஞ்சு. பேன் சுற்றுகிறது, காற்று போகவே இல்லை. வெளியே பார்த்தால் தெரியாது. பேன் சுற்றும்போது எதிர்ப் பக்கம் ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள், அது நன்றாகப் படபடக்க வேண்டும்.

சுத்தம் பண்ணும்போது ஆப் பண்ணி ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள். மூடியைக் கழற்றி உள்ளே கைவைப்பதாக இருந்தால் மெக்கானிக்கிடமே கொடுங்கள், உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். ஊதும்போது பேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கம்ப்ரஸர் காற்றில் தாறுமாறாகச் சுற்றிப் பேரிங் போய்விடும்.

தறிச்சத்தம் (நம்பியூர் பக்கம்)

அம்மணி சொன்னது அப்படியே. வலையில் இருந்து வந்த பஞ்சு ஒரு உள்ளங்கை நிறைய. மெக்கானிக் உள்ளேயும் ஊதிக்கொடுத்தார். காகிதம் முன்னால் லேசாக அசைந்தது, இப்ப ஒட்டி நிற்காமல் பறக்கிறது. பெட்டிப் பின்கதவைக் கழற்றியே வைத்துவிட்டோம். மூன்றாவது பாக்ஸுக்கு மாமன் வீட்டு ஆம்ப்ளிபயர் வாங்கி வந்து தனியாக மாட்டினோம்.

நேற்று ஆட்டம் பத்தரை வரைக்கும். சிவப்பு விளக்கு எரியவே இல்லை. கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மிச்சம். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாற்றும்போது, ஆம்ப்ளிபயர் ஆன் ஆகி ஓட ஆரம்பித்த பிறகு ஒரு தடவை சிவப்பு வந்து போகிறது. ஈபி கரண்ட்டில் அப்படி வருவதில்லை.

வால்யூம் முழுசு (ஈரோடு)

ஜெனரேட்டர் வோல்ட் குறைவு. ஸ்டெபிலைசர் போடுங்கள்.

ஈயப்பற்று (கோவை)

இருக்கலாம். ஆனால் வோல்ட் குறைவு என்றால் பாட்டு அடித்து ஓடும்போதும் வர வேண்டும், ஒரு தடவையோடு நிற்காது. எனக்கு மிக்ஸர் மேல்தான் சந்தேகம். கரண்ட் வந்ததும் மிக்ஸரும் ஆம்ப்ளிபயரும் ஒன்றாக ஆன் ஆகி, மிக்ஸரின் டொம் சத்தம் ஆம்ப்ளிபயரைத் தட்டியிருக்கலாம். அதே சமயம் ஈபியில் வரவில்லை என்பதற்கு அது பதில் இல்லை.

ராகமாலிகா (பெருந்துறை)

ஈபி கரண்ட் திரும்பி வரும்போது யார் ஆன் பண்ணுகிறார்கள், எந்த வரிசையில் என்று கேட்க வேண்டும். ஜெனரேட்டருக்கு மாற்றும்போது சேஞ்ச் ஓவரை அப்படியே தள்ளுவார்கள், எல்லாம் ஒன்றாக ஆன் ஆகும்.

தறிச்சத்தம் (நம்பியூர் பக்கம்)

ஆமாம், ஜெனரேட்டருக்குத் தள்ளுவது பையன்தான், எதையும் ஆப் பண்ணாமல். ஈபி வந்தால் நான் ஒவ்வொன்றாகப் போடுவேன். இன்றைக்கு ராத்திரி ஆம்ப்ளிபயர் வால்யூமை இறக்கி வைத்து, மிக்ஸரை முதலில் போட்டு, அப்புறம் ஆம்ப்ளிபயரை ஆன் பண்ணிப் பார்க்கிறேன். ஜெனரேட்டரில் மீட்டர் வைத்து வோல்ட்டும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஈயப்பற்று (கோவை)

ஏசி 750 வோல்ட்டில் மீட்டரை வைக்க மறக்காதீர்கள், ஓம்ஸில் வைத்து சாக்கெட்டில் குத்திவிடாதீர்கள். பாட்டு நின்றிருக்கும்போது ஒரு தடவை, தவில் அடி வரும்போது ஒரு தடவை, இரண்டு வோல்ட்டும் வேண்டும்.